மழை பெய்தால் உடற்பயிற்சிக்கு விடுமுறையா?

மாணவ நண்பர்களே, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உங்கள் வகுப்புக் கால அட்டவணையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பாடவேளை உடற்பயிற்சி என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் வெளியே மழை. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கணக்கு ஆசிரியர் சாக்குக்கட்டியும் கையுமாக உள்ளே வருவார். அல்லது யாரும் வரமாட்டார்கள். "சத்தம் போடாமல் படியுங்கள்" என்ற கட்டளை மட்டும் வரும்.

கடற்கரை மாவட்டங்களில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக் காற்றுதான் கொண்டுவருகிறது. களிமண் தரையாக இருந்தால் மழை நின்று இரண்டு மூன்று நாள் ஆனாலும் மைதானத்தில் கால் வைக்க முடியாது. ஆகவே இழப்பு ஏதோ ஒரு பாடவேளையோடு முடிவதில்லை. அக்டோபரில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை வாரக்கணக்கில் உங்கள் உடம்பு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறது. நானும் பாடம் நடத்துகிறவன்தான். பாடத்திட்டம் முடியாமல் தவிக்கும் ஆசிரியருக்கு, சும்மா கிடைக்கும் ஒரு பாடவேளை எவ்வளவு இனிப்பானது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. மைதானம் இல்லை என்பது உண்மை. ஆனால் உடற்பயிற்சிக்கு மைதானம்தான் வேண்டும் என்பது உண்மையன்று.

சில பள்ளிகளில் மழை நாளில் கேரம் பலகையையும் சதுரங்கத்தையும் எடுத்து வைக்கிறார்கள். நல்ல விளையாட்டுகள்தாம்; ஆனால் அவற்றால் இதயம் சற்றேனும் வேகமாகத் துடிப்பதில்லை. வேறு சில இடங்களில் தாழ்வாரத்தில் ஓடச் சொல்கிறார்கள். சாரல் அடித்து நனைந்த சிமெண்டுத் தரையில் ஓடுவதை யாரும் அனுமதிக்கக் கூடாது. கயிறு தாண்டலாமே என்பீர்கள். மாடியில் நாற்பது பேர் ஒன்றாகக் குதித்தால் கீழ் வகுப்பில் பாடம் நடக்காது. இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபின் எனக்குப் பிடித்தமானதாக மிஞ்சுவது ஒன்று: படி ஏறி இறங்குதல்.

கேட்டதும் சப்பென்று இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுக்கூடத்தில் லூசியன் புரூகா என்பவர் 1943-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். இருபது அங்குல உயரமுள்ள பெஞ்சின்மீது நிமிடத்திற்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார்ந்து நாடியை எண்ண வேண்டும். அது கல்லூரி வயது இளைஞர்களுக்காக வகுத்தது. இருபது அங்குலம் என்றால் 50 சென்டிமீட்டருக்கு மேல்; ஏழாம் வகுப்பு மாணவர் பலருக்கு அது முழங்காலைவிட உயரம். எனவே புத்தகத்தில் அதைப் படித்துவிட்டு அப்படியே பள்ளியில் செய்யப் புகுந்தால் முழங்கால்தான் வலிக்கும். பின்னால் இதை எளிதாக்கினார்கள். ஒய்.எம்.சி.ஏ. சோதனை என்று பெயர் பெற்ற முறையில் படியின் உயரம் 12 அங்குலம், நிமிடத்திற்கு 24 முறை, மூன்றே நிமிடம். நமக்கு இந்த வேகமும் இந்த நேரமும் போதும்.

படிக்கு எங்கே போவது? வகுப்பு பெஞ்சில் ஏறாதீர்கள். அது உயரம் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெஞ்சின் கால்கள் பலகையின் முனையில் இல்லாமல் சற்று உள்ளடங்கி இருக்கும். காலுக்கு வெளியே நீண்டிருக்கும் முனையில் ஒருவர் ஏறி நின்றால், அந்தக் காலையே தானமாகக் கொண்டு பெஞ்சு நெம்புகோலைப் போல் புரளும். மறுமுனை மேலே எழும்பும். உங்கள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியர் நிற்கும் சிமெண்டு மேடை ஒன்று இருக்கிறதா? அதுதான் நமக்கு வேண்டிய படி. அது அசையாது, புரளாது. உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேடை இல்லாத வகுப்பானால், சாரல் படாத தாழ்வாரத்தின் ஓரப் படியும் உதவும்.

அடுத்தது தாளம். ஏறி இறங்கும் ஒரு முறைக்கு நான்கு அடிகள் உண்டு: வலக்கால் மேலே, இடக்கால் மேலே, வலக்கால் கீழே, இடக்கால் கீழே. நிமிடத்திற்கு 24 முறை என்றால் 96 அடிகள். இந்த 96-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் கைதட்டினால் அது நிச்சயம் தவறும். படி ஏறுகிறவர்கள் களைக்கக் களைக்க, அவர்களைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறவரின் கையும் மெதுவாகும். அப்புறம் முதல் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் ஒரே வேலையாக இராது. இசை கற்பவர்களிடம் தாளம் தட்டும் கருவி உண்டு. பள்ளியில் அதற்கு எங்கே போவது?

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. ஒரு நூலும் ஒரு சிறிய பூட்டும் கொண்டுவாருங்கள். தனி ஊசல் என்று பாடத்தில் படித்தீர்களே, அதையே செய்யப்போகிறோம். ஊசல் இடக்கோடியைத் தொடும்போது ஒரு தட்டு, வலக்கோடியைத் தொடும்போது ஒரு தட்டு. நிமிடத்திற்கு 96 தட்டு வேண்டும். ஆகவே 48 முழு அலைவுகள் வேண்டும். 60 நொடியை 48-ஆல் வகுத்தால் அலைவு நேரம் 1.25 நொடி. T = 2π√(l/g) என்ற சூத்திரத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். g-க்கு 9.8 என்று கொண்டால் நூலின் நீளம் 0.388 மீட்டர், அதாவது 39 சென்டிமீட்டர் என்று வரும்.

மேசை விளிம்பில் ஒரு மர ஸ்கேலைக் கொஞ்சமாக வெளியே நீட்டி, அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். நீட்டிய முனையில் நூலைக் கட்டிப் பூட்டைத் தொங்கவிடுங்கள். 39 சென்டிமீட்டர் என்பது முடிச்சிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை. பூட்டின் வளையம் வரை அன்று. பூட்டை மேசை விளிம்புக்கு இணையாகப் பத்து சென்டிமீட்டர் இழுத்து விட்டால் போதும். அதிக அகலமாக, 45 பாகை வரை இழுத்து ஆட்டினால் அலைவு நேரம் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு கூடிவிடும்; 96 தட்டு 92 ஆகும். சிறு வீச்சில் அந்தக் கவலை இல்லை. ஊசல் மெல்ல மெல்ல அடங்கினாலும் தாளம் மாறாது. ரொம்பவும் அடங்கிவிட்டால் விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். பாடம் தொடங்குமுன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்திற்கு எத்தனை முழு அலைவு என்று எண்ணிப் பாருங்கள். 48-க்குக் குறைந்தால் நூலைக் கொஞ்சம் சுருக்குங்கள், கூடினால் நீட்டுங்கள். மேசையில் தட்டும் மாணவர் பூட்டை மட்டுமே பார்க்க வேண்டும்; ஏறுகிறவர்களின் கால்களைப் பார்க்கக் கூடாது.

இனி ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். மாணவர் 36 பேர். மேடையின் நீளம் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு பேர் இடித்துக்கொள்ளாமல் வரிசையாக நிற்கலாம். பன்னிரண்டு பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழுவில் ஆறு பேர் ஏறுவார்கள். ஆறு பேர் அவர்களுக்கு இணையாக நின்று எண்ணுவார்கள், நாடி பார்ப்பார்கள். பிறகு இடம் மாறுவார்கள். தயாராக ஒரு நிமிடம், ஏறி இறங்க மூன்று நிமிடம், நாடி பார்க்க ஒரு நிமிடம். ஆக ஒரு சுற்று ஐந்து நிமிடம். மூன்று குழுவுக்கும் ஆறு சுற்று, முப்பது நிமிடம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் தரையைத் துடைக்க முன்னால் ஐந்து நிமிடமும், கணக்குப் போடப் பின்னால் பத்து நிமிடமும் மீதமிருக்கும்.

மற்ற இருபத்து நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருப்பதா? பல உடற்பயிற்சி வகுப்புகளின் குறையே அதுதானே! அவர்கள் தங்கள் பெஞ்சிலேயே அதே தாளத்திற்கு வேலை செய்யலாம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் நிமிடம், கையை மார்பில் கட்டிக்கொண்டு இரண்டு தட்டுக்கு எழுந்து இரண்டு தட்டுக்கு உட்காருவது. இரண்டாம் நிமிடம், நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடைபோடுவது. மூன்றாம் நிமிடம் உட்கார்ந்து தம் நாடியைத் தாமே தேடிப் பழகுவது. மேசைகளை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

ஏறுகிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாதம் முழுவதும் மேடைமேல் படவேண்டும். விரல் நுனியால் ஏறுகிறவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மேலே நின்றதும் முழங்கால் நிமிர வேண்டும். களைப்பு வந்தவர்கள் அரைகுறையாக மடங்கிய முழங்காலோடு இறங்கிவிடுவார்கள். அப்போது உடம்பு முழு 20 சென்டிமீட்டரும் உயர்வதில்லை, கணக்கு பொய்யாகிவிடும். எதிரே நிற்கும் இணை மாணவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இது உடனே தெரியும். ஒன்றரை நிமிடம் ஆனதும் முதலில் வைக்கும் காலை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு தொடையே எல்லாப் பாரத்தையும் தூக்கிக்கொண்டிருக்கும்.

மூன்று நிமிடம் முடிந்ததும் உடனே உட்கார வேண்டும். ஐந்து நொடிக்குள் நாடி எண்ணத் தொடங்கிவிட வேண்டும். ஏனென்றால் வேலை நின்றதும் இதயத்துடிப்பு முதல் நிமிடத்திலேயே விறுவிறுவென்று இறங்கத் தொடங்கிவிடும். ஒருவருக்கு உடனேயும் இன்னொருவருக்கு அரை நிமிடம் கழித்தும் எண்ணினால் இரண்டு எண்களுக்கும் உறவே இல்லை. மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கம் நாடி கிடைக்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணிவிடக் கூடும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் எண்ணுவதில் வரும் ஒரு பிழை நாலு பிழையாகப் பெருகும். ஆகவே ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு மாணவியின் நிறை 40 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு முறை ஏறும்போது அவள் செய்யும் வேலை 40 × 9.8 × 0.2, அதாவது 78.4 ஜூல். மூன்று நிமிடத்தில் 72 முறை ஏறுகிறாள். மொத்தம் சுமார் 5,645 ஜூல். 180 நொடியால் வகுத்தால் அவளுடைய திறன் 31 வாட் சொச்சம். அந்தக் காலத்துக் குண்டு பல்புகளில் சிறியதான 40 வாட் பல்பைக்கூட இதைக்கொண்டு முழு ஒளியோடு எரிக்க முடியாது! ஆனால் உயரத்தைப் பாருங்கள். 72 × 0.2 என்றால் 14.4 மீட்டர். மாடிக்கு மூன்று மீட்டர் வீதம், வகுப்பறையை விட்டு வெளியே போகாமலே அவள் கிட்டத்தட்ட ஐந்து மாடி ஏறியிருக்கிறாள்.

தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இப்படி வேலையாக மாறுகிறது, மற்றது வெப்பம். எனவே உடம்பு செலவிட்டது 22,000 ஜூலுக்குச் சற்று மேல், உணவுக் கணக்கில் ஐந்து கிலோகலோரிக்கு மேல் ஏதோ கொஞ்சம். இறங்கும்போதும் தசைகள் உடலைத் தாங்கிப் பிடிக்கின்றன. அந்தச் செலவு நம் கணக்கில் வரவில்லை. அதைச் சேர்த்தாலும் காலையில் தின்ற இட்லியில் ஒரு விள்ளல்தான் கரைந்திருக்கும். படி ஏறினால் உடம்பு இளைக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மூன்று நிமிடத்தின் பலன் அங்கே இல்லை. இதயத்தையும் நுரையீரலையும் தொடர்ந்து சிறிது நேரம் வேலை வாங்குவதில் இருக்கிறது.

அதை நாடி சொல்கிறது. அதே மாணவிக்கு உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 84 துடிப்பு. ஏறி இறங்கிய பின் எண்ணிய நிமிடத்தில் 118 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பல வாரம் தவறாமல் பயிற்சி செய்தவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியே தள்ளும். ஆகவே அதே வேலைக்குக் குறைந்த துடிப்புகள் போதும். டிசம்பரில் அவளுடைய எண் 106 என்று வந்தால் ஏதோ நல்லது நடந்திருக்கிறது எனலாம். ஆனால் 118 என்பது 114 ஆனதற்காகக் குதிக்க வேண்டாம். நாலைந்து துடிப்பு வேறுபாடு ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் வரும். அன்று சரியாகத் தூங்கவில்லை, பக்கத்து வீட்டுச் சண்டை மனத்தில் ஓடுகிறது, சாப்பிட்டுச் சிறிது நேரம்தான் ஆகிறது. இவை எல்லாமே நாடியில் தெரியும்.

வரிசையும் முக்கியம். மூன்றாவதாக மேடைக்கு வரும் குழு, அதற்குமுன் நாலு சுற்றில் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்து சூடேறியிருக்கும். முதல் குழு அப்படியில்லை. எனவே மூன்றாம் குழுவினரின் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அடுத்த மழை நாளிலும் அதே குழு அதே இடத்தில் வரட்டும். இல்லையேல் முன்னேற்றமா வரிசைக் கோளாறா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

இதனால்தான் ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது என்கிறேன். கரும்பலகையில் முப்பத்தாறு பேரின் எண்களையும் எழுதி முதல் மூன்று இடங்களை அறிவிக்க நினைக்கும் ஆசிரியரைத் தயவுசெய்து தடுங்கள். இதயத்தின் அளவு, வயது, உயரம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. வெயில் நாளில் மைதானத்தில் யாருக்குப் பந்து போய்ச் சேர்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பத்துப் பேரிடமே அது சுற்றிவரும். மற்றவர்கள் ஓரத்தில் நின்று கைதட்டுவார்கள். அந்த ஓரத்து மாணவனுக்கும் மாணவிக்கும் இந்த மேடையில் முழுதாக மூன்று நிமிடம் கிடைக்கிறது. போட்டி அவர்களுடைய போன வார எண்ணோடுதான். மழை நாள் மைதானத்தைவிட மேலானது என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டமும் எறிதலும் நாலு பேர் சேர்ந்தாடும் ஆட்டமும் இதில் கிடைக்காது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மழைதான் நியாயமாக நடந்துகொள்கிறது.

ஆபத்துகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதலாவது ஈரம். பாதத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் உராய்வு சட்டென்று குறைந்துவிடும். மேடையின் விளிம்பில் அது நேர்ந்தால் தாடை அடிபடும். வாசலில் ஒரு சாக்கை விரித்துக் கால்களை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள். மேடையையும் அதன் அடியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஏறுவது நல்லது, சத்தமும் குறையும்.

இரண்டாவது புழுக்கம். வெளியே குளிர்கிறதே என்று எல்லாச் சன்னல்களையும் சாத்தி வைப்பது வழக்கம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். மழை நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாமல் வழிந்தோடும். அடைத்த அறையில் முப்பத்தாறு பேரின் மூச்சும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சாரல் அடிக்காத பக்கத்துச் சன்னல்களையாவது திறந்து வையுங்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் இது உகந்ததன்று. மழைக் காலத்தில் இழுப்பு வருகிறவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், காய்ச்சலில் இருந்து இப்போதுதான் எழுந்தவர்கள் ஊசலுக்குத் தாளம் தட்டட்டும், நேரம் பார்க்கட்டும். அதுவும் பொறுப்பான வேலையே. ஏறுகிறவர் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத நிலைக்கு வந்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்த நொடியே நிறுத்த வேண்டும். மூன்று நிமிடத்தை முடித்தே தீரவேண்டும் என்ற வீம்பு கூடாது. எத்தனை நொடியில் நின்றார் என்பதும் எழுதி வைக்க வேண்டிய ஓர் எண்தான்.

உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, மேடையின் உயரம், ஏறிய நொடிகள், பின் எண்ணிய நாடி, எத்தனையாவது சுற்று என்று ஐந்து பத்தி போட்டுக்கொள்ளுங்கள். வேறு வகுப்பறைக்கு மாற்றினால் மேடையின் உயரமும் மாறும். பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாது.

ஆறாம் வகுப்புத் தம்பி தங்கையரும் இதைச் செய்ய ஆசைப்பட்டால் அவர்களுக்கு நிமிடத்திற்கு 20 முறை போதும். அப்போது 80 தட்டு, 40 முழு அலைவு. அதற்கு நூலின் நீளம் எவ்வளவு என்று நீங்களே சூத்திரத்தில் போட்டுப் பார்த்து, 56 சென்டிமீட்டர் வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்ட பிறகு நூலை வெட்டுங்கள்.